மூணு ஜிலேபி, ஒரே சேதி

இன்னும் விடியவில்லை. ஊரெல்லாம் பனி மூடிக் கிடக்கிறது. முகப்பு விளக்கு எரிய ஒரு சின்னக் கார் அந்தப் பனிக்குள் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுபவர் யார், எங்கே போகிறார், ஒன்றும் தெரியாது. கடைசியில் கார் ஒரு கொட்டகை வாசலில் நிற்கிறது. ஓட்டிவந்தவர் இறங்கி உள்ளே போகிறார். சற்று நேரத்தில், சாலையில் கிடக்கும் பனியைத் தள்ளி ஒதுக்கும் பெரிய வண்டி ஒன்று கொட்டகைக்குள்ளிருந்து உறுமிக்கொண்டு வெளியே வருகிறது. பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவர், அந்த வண்டி நிற்கிற இடத்துக்கு எதில் போவார் என்று யோசித்ததுண்டா என்று ஒரு குரல் கேட்கிறது. இவர் ஃபோக்ஸ்வேகனில் போகிறார் என்று அதே குரல் பதிலும் சொல்லிவிடுகிறது.

நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சி 1960களில் செய்த விளம்பரம் இது. அந்தக் காரைப் பற்றிச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எஞ்சின் பின்பக்கம் இருந்ததால் அதன் எடை முழுக்க ஓடும் சக்கரங்கள் மீது இறங்கும், பனியில் வழுக்காது. எஞ்சினைக் குளிர்விப்பது காற்றுதான், உறைந்துபோகத் தண்ணீரே கிடையாது. விலையும் குறைவு. இதில் ஒன்றைக்கூட விளம்பரம் வாய்திறந்து சொல்லவில்லை. பனியில் இந்தக் கார் நிற்காது என்பது மட்டும் மனதில் ஏறுகிறது. மற்றதையெல்லாம் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அப்படி விடுகிற வேலை காகிதத்தில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பெயர் வேண்டாம், மின்விசிறி செய்கிற ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு மாடல் இறக்குகிறார்கள். ஒரு நிமிட விளம்பரம் வேண்டும் என்று ஏஜென்சிக்கு ‘பிரீஃப்’ அனுப்புகிறார்கள். என்ன பொருள், யாருக்கு விற்கிறோம், என்ன சொல்ல வேண்டும் என்று கிளையன்ட் எழுதித் தரும் காகிதம்தான் பிரீஃப். அதில் இருப்பது இது: பழைய மின்விசிறி 70, 75 வாட் தின்னும், இது ஏறக்குறைய 30 வாட்டில் ஓடும். ரிமோட் உண்டு. தூசி எளிதில் ஒட்டாத பூச்சு. 5 ஆண்டு உத்தரவாதம். 4 நிறங்கள். சத்தம் மிகக் குறைவு. கடைசியில் தடித்த எழுத்தில், இவை எல்லாமே முக்கியம்.

எல்லாமே முக்கியம் என்ற வரி இல்லாத பிரீஃப் ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. கிளையன்டைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பூச்சுக்காக ஒரு வேதியியல் குழு மாதக்கணக்கில் உழைத்திருக்கும், அதை எப்படி விடுவது என்றுதான் அவர் நினைப்பார். பார்க்கிறவரோ சீரியல் முடிந்த கையோடு தோசை திருப்பப் போகிறவர். ஆறு சேதி சொன்னால் அவர் மனதில் ஒன்றும் தங்காது. அதனால் எழுதுகிறவரின் முதல் வேலை கதை யோசிப்பதல்ல, பட்டியலில் ஐந்தை அடிப்பது.

எதை வைத்துக்கொள்வது? மின்சார மிச்சம்தான் பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் அந்த வகை மோட்டார் போட்ட எல்லா மின்விசிறிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். யாருடைய விளம்பரம் என்று நினைவிருக்காது. ரிமோட்டும் அப்படித்தான். உத்தரவாதத்தைப் பெட்டியில் அச்சிட்டால் போதும், படம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. சத்தம் வேறு விஷயம். ‘கடக், கடக்’ என்று ஆடும் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, இது எப்போது கழன்று விழும் என்று அண்ணாந்து பார்க்காத ஆள் தமிழ்நாட்டில் அபூர்வம். அதோடு, சத்தம் என்பது காதுக்குக் காட்டக்கூடிய பொருள். சத்தம் இருந்தால் எப்படி, போனால் எப்படி என்று திரையிலேயே நடத்திக் காட்டிவிடலாம். 30 வாட்டை அப்படிக் காட்ட முடியாது.

ஆகவே ஸ்கிரிப்டின் தலையில் ஒரே வாக்கியம்: “இந்த மின்விசிறி ஓடும்போது வீட்டில் பேசுவது கேட்கும்.”

‘சத்தம் குறைவு’ என்று எழுதாமல் ‘பேசுவது கேட்கும்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சத்தம் குறைவு என்பது மின்விசிறியின் குணம். பேசுவது கேட்கும் என்பது வீட்டில் நடக்கிற காரியம். முதலாவதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு டெசிபல் மீட்டரும் வெள்ளைக் கோட்டுப் போட்ட விஞ்ஞானியும்தான் கண்முன் வருவார்கள். இரண்டாவதை எழுதியதுமே ஒரு தாத்தாவும் பாட்டியும் வந்து நிற்கிறார்கள்.

அடுத்தது மனநிலைக் குறிப்பு. மூட் என்று துறையில் சொல்வார்கள். புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ‘உணர்வுபூர்வமாக, இனிமையாக, நவீனமாக, மனதைத் தொடும் விதத்தில்’ என்று எழுதிவைப்பார்கள். இதைப் படித்து ஒளிப்பதிவாளர் விளக்கை எங்கே வைப்பார்? கலை இயக்குநர் சுவருக்கு என்ன நிறம் அடிப்பார்? அந்தக் குறிப்பை வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு வேலையைத் தொடங்க முடிய வேண்டும். நம் மின்விசிறிக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

“ஏப்ரல் மாத மதியம். பழைய வீட்டுக் கூடம். சுவரில் நீலச் சுண்ணாம்பு, அங்கங்கே உரிந்திருக்கும். வெயில் சன்னல் கம்பி வழியாகத் தரையில் விழுகிறது, முகங்களில் இல்லை. பாத்திரங்கள் எல்லாம் புழங்கின பாத்திரங்கள். முதல் பாதி நெருக்கடியான ஷாட்கள், எதிலும் மின்விசிறியின் நிழல் ஓடிக்கொண்டிருக்கும். மின்விசிறி மாறியதும் ஷாட்கள் அகலமாகும், நீளமாகும், கேமரா அசையாது. இசை கிடையவே கிடையாது. நடிப்பு: சண்டையல்ல, கத்திப் பேசிப் பழகிப்போன ஒரு தம்பதியின் சகஜம். யாரும் கேமராவுக்காகச் சிரிக்கக்கூடாது.”

கடைசி வாக்கியம் அவசியமானது. விளம்பரப் படங்களில் பல் தெரியச் சிரிக்கும் தாத்தாக்களை நாம் நிறையவே பார்த்துவிட்டோம். என்ன வேண்டும் என்பதோடு என்ன வேண்டாம் என்பதையும் எழுதாவிட்டால், படப்பிடிப்பு நாளில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி ஸ்கிரிப்ட். துறையில் இதைக் காகிதத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் காண்பது, வலப்பக்கம் கேட்பது என்று எழுதுவது வழக்கம். ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே நொடிக்கணக்கு இருக்கும். பத்திரிகைப் பத்திக்குள் கோடு போட முடியாது, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறேன்.

காட்சி 1 (0 முதல் 5 நொடி)
காண்பது: மேலே பழைய மின்விசிறி. தண்டு ஆடுகிறது. அதன் நிழல் சுவர்க் காலண்டர் மீது ஓடுகிறது.
கேட்பது: கடக்… கடக்… கடக்…

காட்சி 2 (5 முதல் 19)
காண்பது: ஊஞ்சலில் தாத்தா, கையில் செய்தித்தாள். சமையலறை வாசலில் பாட்டி. திண்ணையில் பேத்தி போனில் பேசுகிறாள், ஒரு காதைப் பொத்திக்கொண்டு.
கேட்பது (மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்தி):
பாட்டி: ஏங்க, காப்பி வேணுமா?
தாத்தா: சாவியக் காணுமா? ஆணியில பாரு!
பாட்டி: தோணியில யாரு?
பேத்தி போனைத் தாழ்த்திவிட்டு மேலே பார்க்கிறாள்.

காட்சி 3 (19 முதல் 29)
காண்பது: எலெக்ட்ரீஷியன் ஸ்டூல் மேல் நின்று பழையதைக் கழற்றுகிறார். புதியது ஏறுகிறது. பேத்தி சுவிட்ச் போடுகிறாள். மின்விசிறி சுற்றுகிறது. காலண்டர் தாள் படபடக்கிறது.
கேட்பது: ஸ்பேனர், ஸ்டூல் இழுபடுவது. பிறகு தாள் படபடப்பு மட்டும்.

காட்சி 4 (29 முதல் 39)
காண்பது: தாத்தா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பேத்தியை விரல் காட்டி அருகே கூப்பிடுகிறார். ரகசியம் சொல்லும் பாவனை. ஆனால் பழக்க தோஷம், குரல் பழைய குரல்.
கேட்பது:
தாத்தா (கத்தி): பாட்டிகிட்ட சொல்லிடாத கண்ணு! டாக்டர் வேணாம்னாரே ஜிலேபி, அத நான்தான் தின்னேன்!

காட்சி 5 (39 முதல் 44)
காண்பது: பேத்தி உறைந்து நிற்கிறாள். தெருவில் பூக்காரம்மா முழம் போட்ட கையோடு நிற்கிறார். பக்கத்து மாடியில் துணி உலர்த்தும் பெண் எட்டிப்பார்க்கிறார்.
கேட்பது: எங்கோ ஒரு காகம்.

காட்சி 6 (44 முதல் 53)
காண்பது: சமையலறை வாசலில் பாட்டி. நடுவே கூடத்தின் முழு நீளம். மறுமுனையில் தாத்தா.
கேட்பது:
பாட்டி (முதல்முறையாக, மெல்ல): எத்தன?
தாத்தா (முதல்முறையாக, மெல்ல): ரெண்டு.
பாட்டி பார்த்தபடி நிற்கிறார்.
தாத்தா: மூணு.

காட்சி 7 (53 முதல் 60)
காண்பது: கீழிருந்து மேலே, சுற்றும் புது மின்விசிறி. கம்பெனிப் பெயர். அதன்கீழ் இரண்டு சொல்.
கேட்பது: ஒரு பெண்குரல், தாழ்ந்த குரலில், கம்பெனிப் பெயர். பிறகு: “காற்று மட்டும்.”

அவ்வளவுதான். பேச்சைக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே முப்பது சொல்லைத் தாண்டாது. தமிழில் நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் நூறு சொல்லுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே அடங்கும். அதற்காக நூறையும் நிரப்பினால் படம் வானொலிச் செய்தியாகிவிடும். எழுதியதும் கையில் கடிகாரத்தோடு சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும். வசனத்தை மட்டுமல்ல, பார்வையையும் மௌனத்தையும் நடித்துக்கொண்டே படிக்க வேண்டும். மனதுக்குள் படிக்கும்போது எல்லா ஸ்கிரிப்டும் நாற்பது நொடிதான் வரும்.

இந்த ஸ்கிரிப்டில் ஒரு பெரிய குழி இருக்கிறது. கிளையன்ட் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “தாத்தாவுக்குக் காது கேட்காதோ?” அந்த எண்ணம் பார்வையாளருக்கு வந்துவிட்டால் இது காது மிஷின் விளம்பரமாகிவிடும். மின்விசிறி வெறும் சாட்சி. அதை அடைக்கத்தான் இரண்டாம் காட்சியில் பாட்டிக்கும் தவறாகக் கேட்கிறது, இளம் வயதுப் பேத்தியும் காதைப் பொத்திக்கொண்டு திண்ணைக்குப் போகிறாள். மூவருக்கும் ஒரே தொல்லை என்றால் குற்றவாளி மேலே தொங்குகிறவர்தான்.

குழி முழுதாக அடைபடுவது ஆறாம் காட்சியில். பாட்டி ‘எத்தன?’ என்று கேட்பது ஒரு முழு கூடத்துக்கு அப்பாலிருந்து, வழக்கமான பேச்சுக் குரலையும்விடத் தாழ்ந்த குரலில். அது தாத்தா காதில் விழுகிறது. பதிலும் வருகிறது. விளம்பரத்தின் நிரூபணம் அந்த ஒரு நொடிதான். பார்ப்பவர் ஜிலேபிக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் பொருள் தன் வேலையைச் செய்துகாட்டிவிட்டது. அதனால்தான் கேமராவை அகலமாக வைத்து இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இயக்குநர் ஆசைப்பட்டு பாட்டி முகத்துக்கு குளோசப் போனால் நடிப்பு அழகாக வரும், தூரம் போய்விடும். தூரம் போனால் சேதியும் போயிற்று.

இந்த உத்தியை நன்றாகப் பயன்படுத்தியவை நம் நாட்டிலும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஃபெவிகால் பஸ் விளம்பரம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். கூரையிலும் பக்கவாட்டிலும் ஆட்கள் அப்பியிருக்கும் ஒரு பஸ் மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கிப் போகும், ஒருவர்கூட விழமாட்டார். பின்பக்கம் ஒரு பசை விளம்பரப் பலகை. ஒட்டும் என்று சொல்ல ஒரு வசனம் தேவைப்படவில்லை. சிரிப்பும் சேதியும் ஒரே இடத்தில் இருந்தன. சிரிப்பு ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் இருந்தால், “அந்த ஜிலேபி விளம்பரம் பாத்தியா?” என்று ஊரே பேசும், எந்த மின்விசிறி என்று மட்டும் எவருக்கும் தெரியாது.

அடுத்து மூன்றாம் காட்சி. “பேத்தி சுவிட்சைப் போடறதுக்குப் பதிலா ரிமோட்டால போடட்டுமே, ஒரு ஷாட்தானே” என்று கிளையன்ட் கேட்பார். நியாயமான ஆசை. ஆனால் கையில் ரிமோட்டைக் கண்டதும் பார்ப்பவர் மனம், ‘ஓ, ரிமோட் மின்விசிறி’ என்று ஒரு முடிவுக்கு வந்துவிடும். காட்சியின் வேலை சத்தம் நின்றதைக் கவனிக்கவைப்பது. கண்ணுக்கு ஒரு பொருளைக் கொடுத்தால் காது மூடிக்கொள்ளும். ரிமோட்டுக்குக் கடையில் தொங்கும் அட்டை இருக்கிறது, பெட்டி இருக்கிறது, பத்திரிகை விளம்பரம் இருக்கிறது.

சத்தம் நிற்பதைப் பற்றி இன்னொரு விஷயம். முழு மௌனம் என்று ஸ்கிரிப்டில் எழுதக்கூடாது. ஒலிப்பதிவில் உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் விட்டால், டி.வி. கெட்டுவிட்டதோ என்று வீட்டில் ரிமோட்டைத் தேடுவார்கள். ஆள் இல்லாத அறைக்கும் ஒரு ஒலி உண்டு. ரூம் டோன் என்பார்கள், படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். அதன்மேல் ஒரு காகம், காலண்டர் தாள், தூரத்து சைக்கிள் மணி. இவை கேட்பதால்தான் அமைதி அமைதியாகத் தெரிகிறது.

பழைய மின்விசிறியின் ‘கடக்’கும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். நிஜ மின்விசிறியில் பாதிச் சத்தம் ‘உம்ம்’ என்ற கனத்த ரீங்காரம். தியேட்டரில் நெஞ்சில் அதிரும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரிலோ அந்தக் கீழ் ஒலி அநேகமாக வராது. போனில் பார்ப்பவருக்கு, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும், ஏன் கத்துகிறார்கள் என்றே புரியாது. அதனால் உலோகம் உலோகத்தில் இடிக்கும் ‘கடக்’கை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று ஒலிக் குறிப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

போனில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களை என்ன செய்வது? இந்தக் கருவுக்கு இருக்கும் மெய்யான பலவீனம் அது. வசனத்தைத் திரையில் எழுத்தாகப் போடலாம், சத்தமான வரிகளைப் பெரிய எழுத்திலும் மெல்லிய ‘எத்தன?’வைச் சின்ன எழுத்திலும். தண்டு ஆடுவது, பேத்தி காதைப் பொத்துவது எல்லாம் கண்ணுக்கும் கொஞ்சம் சொல்லும். இருந்தாலும் பாதிச் சுவைதான் தேறும். போனில் மட்டுமே ஓடப்போகிற விளம்பரம் என்றால் நான் இந்தக் கருவை எடுத்திருக்க மாட்டேன்.

கடைசி ஷாட்டில் ஒரு தொழில்நுட்பக் கண்ணி. சுற்றும் மின்விசிறியைக் கேமராவில் பார்த்தால் சில நேரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியும். காரணம் எளிய கணக்கு. டி.வி.க்கு எடுக்கும் கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது. நிமிடத்துக்கு 350 சுற்று ஓடும் மின்விசிறி ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 84 டிகிரி நகர்ந்துவிடும். மூன்று இறக்கைகளுக்கு இடையே 120 டிகிரி. மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால், இறக்கை 84 டிகிரி முன்னே போனதா அடுத்த இறக்கை 36 டிகிரி பின்னே வந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. கிட்டத்தில் இருப்பதையே கண் நம்பும், மின்விசிறி பின்னால் சுற்றும். ஒரு படத்துக்கு 60 டிகிரிக்குள் நகர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை, அதாவது நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் கீழே. வேகத்தைக் குறைத்துவைத்து எடுத்தால் தீர்ந்தது. விற்கிற பொருளே தலைகீழாகச் சுற்றிக் கம்பெனிக்காரர் முகம் சுளிக்காமல் இருக்க, ஸ்கிரிப்ட் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தால் போதும்.

இனி அந்த இரண்டு சொல். டேக்லைன் எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது எல்லாம் ஏற்கெனவே எங்கோ கேட்டவையாகத்தான் இருக்கும். ‘அமைதியின் புதிய முகவரி’ வரும். துணிக்கடையிலிருந்து அபார்ட்மென்ட் வரை எல்லோரும் குடியிருந்து காலிசெய்த முகவரி அது. ‘சத்தம் குறைவு, சந்தோஷம் நிறைவு’ வரும். எதுகை இருக்கிறது, ஆனால் சந்தோஷம் என்று இரண்டாவது சேதி நுழைந்துவிட்டது, அறுபது நொடியும் பொத்திக் காத்தது வீண். ‘காற்று வரும், சத்தம் வராது’ இவற்றைவிடத் தேவலை. ஆனால் படம் காட்டியதையே மறுபடி விளக்குகிறது. அதோடு ஒரு வம்பும் இருக்கிறது.

சத்தம் வராது என்பது அறுதியிட்டுச் சொல்லும் கூற்று. இந்தியாவில் விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பு ஆஸ்கி, 1985இல் தொடங்கியது. விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் காட்டு என்று அது கேட்கும், போட்டிக் கம்பெனியும் புகார் கொடுக்கலாம். எந்த மின்விசிறியும் சத்தமே இல்லாமல் ஓடாது. மோட்டார் அடங்கினாலும் இறக்கை காற்றை வெட்டும் ‘சர்ர்’ இருக்கும். ‘வராது’ என்று எழுதினால் ஆய்வகச் சான்று, திரையின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை, அப்படி இப்படி என்று கடைசி ஷாட் அரசாங்க அறிவிப்பாகிவிடும்.

‘காற்று மட்டும்’ அந்த ‘சர்ர்’ருக்கும் இடம் கொடுக்கிறது. காற்று இருக்கிறது, மற்றது இல்லை. ஜிலேபி பற்றிப் பேசவில்லை, தாத்தா பற்றிப் பேசவில்லை, படம் பார்க்காமல் கடைப் பலகையில் மட்டும் பார்த்தாலும் மின்விசிறிக்குப் பொருந்துகிறது. இதை ஒரு பிரஷர் குக்கர் கம்பெனி எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. டேக்லைனுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான், வேறு ஒரு பொருளின் கீழ் எழுதிப் பார்ப்பது. அங்கேயும் கச்சிதமாக உட்கார்ந்தால் கிழித்துப்போட வேண்டும்.

முதலில் இதைக் குரலில்லாமல் எழுத்தாக மட்டும் காட்ட நினைத்தேன். அமைதி பற்றிய விளம்பரத்தில் கடைசியில் யாரும் பேசாதிருப்பதுதானே அழகு. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் டி.வி.யைப் பாதிப்பேர் பார்ப்பதில்லை, வேறு வேலை செய்துகொண்டே கேட்கிறார்கள். சமையலறையில் இருப்பவர் ‘மூணு’க்குச் சிரித்துவிட்டு, என்ன கம்பெனி என்று தெரியாமலே போய்விடுவார். பெயரை வாயால் சொல்லியே ஆக வேண்டும். அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டேன்.

அண்டை மாநிலங்களிலும் ஓட வேண்டும் என்று கிளையன்ட் சொன்னால் காப்பி, சாவி, தோணி எதுவும் உதவாது. டப்பிங்கில் அது செத்துப்போகும். இந்தியிலிருந்து வந்து, வாய் ஒரு பக்கமும் தமிழ் ஒரு பக்கமும் அசையும் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கே அது தெரியும். தெலுங்குக்குத் தெலுங்கிலேயே ஒரு குழப்பம் எழுத வேண்டும். இது முன்கூட்டியே தெரிந்தால், அந்த மூன்று வரியை நடிகர்கள் முதுகு காட்டியோ செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தோ பேசும்படி எடுத்துவைக்கலாம்.

கடைசியாகக் காசு. டி.வி.யில் விளம்பர நேரத்தைப் பத்து நொடிக் கணக்கில் விற்பார்கள். அறுபது நொடி என்றால் ஒவ்வொரு முறையும் ஆறு பங்கு. அதனால் முழுப் படம் தியேட்டரிலும் யூடியூபிலும், டி.வி.யில் முதல் சில நாட்களும் ஓடும். பிறகு முப்பது நொடிதான். இதை அறிந்து எழுதினால், வெட்டும்போது ரத்தம் வராது. நம் ஸ்கிரிப்டில் முப்பதுக்குக் குறைக்கும்போது பூக்காரம்மாவும் மாடிப் பெண்ணும் முதலில் போவார்கள், எனக்கு வருத்தம்தான். எலெக்ட்ரீஷியன் போவார், பழைய மின்விசிறியிலிருந்து புதியதுக்கு நேராகத் தாவிவிடலாம். காப்பியும் சாவியும் மட்டும் நிற்கும், தோணி போகும். கூடத்தின் நீளமும் ‘எத்தன?’வும் ‘ரெண்டு’ம் தொடப்படாது.

‘மூணு’க்குத்தான் எடிட்டிங் அறையில் சண்டை நடக்கும். அதற்கு முன்னால் பாட்டி பேசாமல் பார்க்கும் மூன்று நொடி இல்லாவிட்டால் அது எடுபடாது. முப்பதில் மூன்று என்பது பெரிய விலை. அந்த இடத்தில் மின்விசிறியை இன்னொரு தடவை காட்டலாமே என்று கிளையன்ட் சொல்வார். சேதி ‘ரெண்டு’டனேயே போய்ச் சேர்ந்துவிட்டது, அதனால் கணக்குப்படி அவர் சொல்வதுதான் சரி. நான் மின்விசிறி ஷாட்டில் ஒரு நொடியும் முதல் காட்சியில் இரண்டு நொடியும் குறைத்துக்கொண்டு, பாட்டியைப் பார்க்கவிடுவேன்.